பெயரடைகளால் மறைந்த திருமேனி

பக்தி வீடியோக்களை ஒலியாக்கி, அலுவலகம் போகிறவர்களுக்கென்று வெளியிடுவது இப்போது பரவலாகிவிட்டது. படம் இல்லாமல் போகும் இடங்களில் வர்ணனையை மாற்றி எழுதிச் சேர்க்கிறார்கள். இதற்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: பக்தி மனத்தில் இருக்கிறது, கண்ணுக்குக் கிடைக்காததைச் சொல் ஈடுகட்டிவிடும்.

முயற்சியைக் குறை சொல்ல முடியாது. நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குக் காதுதான் வசதி. வண்டி ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுகளைப் படமே இல்லாமல் கேட்டு நெகிழ்ந்தவர்கள் நாம். ஆனால் வாரியார் பேசியது காதுக்கென்றே பிறந்த பேச்சு. இங்கே நடப்பது வேறு. கண்ணுக்கென்று செய்ததிலிருந்து படத்தை உருவிவிட்டு, அந்தப் பள்ளத்தைச் சொல்லால் நிரப்புகிறார்கள். எதைப் போட்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் என் நெடுநாள் மனக்குறை.

திருவரங்கத்தை எடுத்துக்கொள்வோம். வீடியோவில் குரல் சொல்கிறது: “இதோ அரங்கன். அந்தத் திருமுகத்தைப் பாருங்கள், திருவடியைப் பாருங்கள்.” திரையில் முடியிலிருந்து அடிவரை படம் மெல்ல நகர்கிறது. ஒலிக்கு மாற்றுகிறவர் முதலில் “இதோ”, “பாருங்கள்” இரண்டையும் நீக்குகிறார். அது சரி. பிறகு எழுதுகிறார்: “பேரழகே வடிவான அரங்கன் கண்கொள்ளாக் காட்சியாக, அற்புதமாகப் பள்ளிகொண்டிருக்கிறான்.” கேட்பவருக்கு இதில் என்ன கிடைத்தது? அரங்கன் எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறான், முகம் எங்கே திரும்பியிருக்கிறது, நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்று ஒன்றுமே தெரியவில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே வாக்கியத்தைக் காஞ்சிபுரம் திருவெஃகாவுக்கு வைத்துப் பாருங்கள். திருமழிசையாழ்வார் சொன்னதற்காகப் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய், அவர் அழைத்ததும் திரும்பிவந்த பெருமாள் அங்கே வழக்கத்துக்கு மாறாக இடம் வலம் மாறிப் படுத்திருக்கிறார். அந்தத் தலத்தின் கதையே அந்தக் கிடப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் வர்ணனை அங்கேயும் பொருந்திவிடும். எந்தப் பள்ளிகொண்ட பெருமாளுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தப் பெருமாளையும் காட்டவில்லை.

காட்டுவது கடினமும் இல்லை. “சந்நிதியில் நாம் வடக்கே பார்த்து நிற்கிறோம். நம் இடக்கைப் பக்கம், மேற்கே, அரங்கனின் திருமுடி. வலக்கைப் பக்கம், கிழக்கே, திருவடி. முகம் தெற்கே, நம்மை நோக்கி.” இதில் ஒரு பெயரடைகூட இல்லை. கேட்பவர் தன் இரண்டு கைகளைக்கொண்டே சந்நிதியை அமைத்துக்கொள்கிறார். நடத்துநர் விசிலில் ஒரு வாக்கியம் தவறிப்போனாலும் அடுத்ததைப் பிடித்துச் சேர்ந்துகொள்ளலாம். “அற்புதம், அழகு” என்று ஓடும் வர்ணனையில் பாதியைத் தவறவிட்டாலும் இழப்பில்லை, ஏனென்றால் இழப்பதற்கு அதில் ஏதுமில்லை.

இந்த வித்தையை நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் பத்தே பாசுரம். திருவடி, ஆடை, உந்தி, வயிற்றை அணைத்த கச்சு, மார்பு, கழுத்து, வாய், கண் என்று ஒவ்வொன்றாக ஏறி, பிறகு முழுத் திருமேனிக்கு வருகிறார். ஒரு பாசுரத்தில் ஓர் இடம், அங்கே கொஞ்சம் தங்கல், பிறகுதான் அடுத்தது. நெகிழ்ச்சி அவரிடமும் பொங்குகிறது. ஆனால் அது ஏதோ ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு பொங்குகிறது. நம் வர்ணனையாளர்கள் பற்றுவதற்கு ஒன்றையும் தராமல் நெகிழ்ச்சியை மட்டும் கேட்கிறார்கள். பற்றாக்குறைக்கு “கண்களை மூடி மனத்தில் நிறுத்துங்கள்” என்று வேறு சேர்க்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புகூட இல்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மூலவரைப் படமெடுக்க அனுமதியில்லை. ஆகவே வீடியோவில் ஓடியது ஓர் ஓவியம்தான். அதைத் திரையில் பார்த்தவருக்கு அது ஓவியம் என்று தெரிந்திருந்தது. அந்த ஓவியத்தைப் பார்த்து எழுதிய வர்ணனை காதில் விழும்போது மூலவரின் வர்ணனையாகிவிடுகிறது. ஓவியர் தன் விருப்பத்துக்குச் சேர்த்த நகையும் நிறமும் கருவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சுதையாலான, தைலக்காப்பு சாத்திய கரிய திருமேனி கேட்பவருக்கு வந்து சேரவே இல்லை. பக்தியின் பெயரால் நடந்தாலும் இது தவறான செய்திதான்.

வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்தி எழுதும் வரை இந்தப் பிழை தீராது. மாற்றி எழுதுகிறவர் சந்நிதிக்குப் போய் வரிசையில் நிற்கட்டும். நான் எந்தத் திசை பார்த்து நின்றேன், எதை முதலில் கண்டேன், எது தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு வந்து எழுதட்டும். போக முடியாதென்றால் அந்த இடத்தில் “இங்கே வீடியோவில் ஓர் ஓவியம் வருகிறது” என்று நேராகச் சொல்லிவிட்டு நகரட்டும். காணாததைக் கண்டதுபோல் வர்ணிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மரியாதை, கேட்பவருக்கும் அரங்கனுக்கும்.