1-டி இருக்கையின் ஐந்து நிமிடம்

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே காட்டு வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு இன்ஜின்களும் செயலிழந்தன. அடுத்த மூன்றரை நிமிடத்தில் கேப்டன் சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அன்று மாலையே உலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. 2016-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாகவே எடுத்துவிட்டார்.

மேடையில் பேசுகிறவருக்கு இது கேட்க நன்றாக இருக்கும், கையாளக் கடினமாக இருக்கும். முடிவு எல்லோருக்கும் தெரியும். 'பிழைத்தாரா இல்லையா' என்ற பதைப்பை வைத்து அரை நிமிடம்கூட ஓட்ட முடியாது; பிழைத்தவர்தான் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அந்த விமானத்தின் முதல் வரிசையில் 1-டி இருக்கையில் இருந்த ரிக் எலியாஸ், 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த டெட் மாநாட்டில் இந்த அனுபவத்தைப் பேசினார். எடுத்துக்கொண்டது சுமார் ஐந்து நிமிடம். டெட் மேடையில் வழக்கமாகக் கொடுக்கும் உச்சவரம்பு 18 நிமிடம்.

அந்த ஐந்து நிமிடக் கணக்குக்காகவே, திறந்த மேடைக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பேச்சை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கலாம். பெயர் கொடுத்து, முறை வந்ததும் மைக் பிடிக்கும் மேடைகள் பெரும்பாலும் இவ்வளவு நேரம்தான் தருகின்றன. நாவலாசிரியர் ஜார்ஜ் டாஸ் கிரீன் 1997-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'தி மோத்' அமைப்பின் கதைப் போட்டிகளிலும் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான்.

எலியாஸ் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறார்? தான் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவர் பெரிய நிறுவனம் ஒன்றை நிறுவியவர். அந்தத் தகவல் பேச்சில் எங்குமே வரவில்லை. விமானம் 3,000 அடி உயரத்தில் ஏறும்போது வெடிச்சத்தம் கேட்பதாகக் கற்பனை செய்யச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். அடுத்து புகை. அதற்கடுத்து இன்ஜின் கடகடக்கும் ஓசை, அதை வாயாலேயே எழுப்பிக் காட்டுகிறார். முதல் வரிசைக்காரர் என்பதால் எதிரே அமர்ந்திருந்த பணிப்பெண்களோடு பேச முடிந்தது. பறவை ஏதாவது அடிபட்டிருக்கும், கவலை வேண்டாம் என்று பதில் வருகிறது. பிறகு விமானம் ஆற்றை நோக்கித் திரும்புகிறது. வழக்கமாக இந்தப் பாதையில் போக மாட்டார்களே என்று அவர் ஒரு வரி சொல்ல, அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்ஜின் சத்தம் நின்றுபோகிறது. நிசப்தம். அதன் நடுவே, மோதலுக்குத் தயாராகச் சொல்லி விமானி மூன்றே சொற்களில் விடுக்கும் அறிவிப்பு. இப்போது பணிப்பெண்ணிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணிலேயே பயம் தெரிகிறது.

இந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது ஒலிதான். வெடி, கடகடப்பு, நிசப்தம், மூன்று சொற்கள் என்ற அந்த வரிசை தானாகவே மேலே ஏறிக்கொண்டு போகிறது. பணிப்பெண் இரண்டு முறை வருகிறார்: முதல் முறை தைரியம் சொல்ல, இரண்டாம் முறை தைரியம் இழந்தவராக. 'நிலைமை மோசமானது' என்று பேச்சாளர் சொல்லத் தேவையே இல்லாமல் போகிறது. வருணனைச் சொற்களைத் தேடி அலைகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஒரே ஆள், இரண்டு முகம், இடையில் சில நொடிகள். அவ்வளவுதான் அவர் பயன்படுத்தியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானி இன்ஜினை நிறுத்தியதாக எலியாஸ் சொல்கிறார். உண்மையில் இன்ஜின்களை முடக்கியது பறவைகள். அவற்றை மறுபடி இயக்க விமானிகள் முயன்றதும் விசாரணையில் பதிவாகியிருக்கிறது. 1-டி இருக்கையில் இருந்தவருக்குக் கேட்டது சத்தம் நின்றது மட்டும்தான். காரணத்தை அவராக ஊகித்துக்கொண்டார். அனுபவப் பேச்சில் இருக்கையிலிருந்து தெரிந்ததைச் சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்போது, கேட்பவர்களில் விவரம் அறிந்த ஒருவர் அந்த இடத்திலேயே கதையை விட்டு வெளியே போய்விடுவார். 'சத்தம் நின்றது' என்பதோடு நிறுத்தியிருந்தால் பயம் ஒரு துளியும் குறைந்திருக்காது.

அடுத்து அவர் விட்டதைப் பார்க்க வேண்டும். விமானம் தண்ணீரில் இறங்கிய பிறகு நடந்ததெல்லாம் சினிமாவுக்கென்றே செய்த காட்சிகள்: ஜனவரிக் குளிரில் இறக்கையின் மேல் வரிசையாக நின்ற பயணிகள், விரைந்து வந்த படகுகள், கரையில் காத்திருந்த கேமராக்கள். ஐந்து நிமிடப் பேச்சில் இவற்றுக்கு இடமே தரவில்லை. சல்லன்பெர்கரின் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை, வெறும் 'விமானி'தான். அவர் சொல்ல வந்த பாடங்கள் எல்லாம் பிறந்தது சாகப்போகிறோம் என்று நம்பிய அந்தச் சில நிமிடங்களில். மீட்பைச் சொல்ல ஆரம்பித்தால் கதை பிழைத்த கதையாகிவிடும். பாடங்கள் ஒட்டாமல் தொங்கும். அதிலும் முடிவு தெரிந்த கதையில் முடிவை விவரிப்பது நேரத்தை வீணடிப்பதுதான். முடிவை வெட்டிவிட்டு நடுவில் நின்றுகொண்டது இந்தப் பேச்சின் மிகச் சரியான முடிவு.

பாடங்கள் மூன்று. முதலாவது, எல்லாம் ஒரு நொடியில் மாறிவிடும் என்பது. ஆயிரம் பேர் சொன்ன விஷயம்தான். ஆனால் எலியாஸ் உடனே ஒயின் பாட்டிலுக்குத் தாவுகிறார். இப்போதெல்லாம் தன்னிடம் சேர்ந்திருப்பது மோசமான ஒயின்கள்தான் என்கிறார். ஒயின் தயாராக இருந்து, குடிக்க ஆளும் வந்துவிட்டால் திறந்துவிடுகிறாராம், நல்லது எதையும் பின்னாளுக்கு என்று எடுத்துவைப்பதில்லை. பாடம் கைக்கு வந்துவிடுகிறது. 'எதையும் தள்ளிப்போடாதீர்கள்' என்ற அறிவுரை மறுநாளே மறந்துபோகும். நல்ல பாட்டில் ஒன்றுகூட மிஞ்சாத அந்த அலமாரி மறக்காது.

இரண்டாவது பாடம்தான் பேச்சின் தொய்வு. முக்கியமானவர்களோடு முக்கியமில்லாத விஷயங்களுக்காகத் தன்முனைப்பில் நேரத்தை வீணடித்துவிட்டோமே என்று அந்த நேரத்தில் வருந்தியதாகவும், அதன்பின் இரண்டு வருடமாக மனைவியோடு சண்டையே போடவில்லை என்றும் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்சி இல்லை. எந்தச் சண்டை, எதற்காக, யார் முதலில் இறங்கிவந்தார் என்று ஒரு சம்பவமும் தராமல் முடிவை மட்டும் அறிவிக்கிறார். ஒயின் பாட்டிலை நம்பிய சபை இதை மரியாதைக்காக ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு சமையலறைச் சண்டையை இருபது நொடியில் காட்டியிருந்தால்கூட எடை ஏறியிருக்கும்.

மூன்றாவதில் அவர் மறுபடி விமானத்துக்குள் போகிறார். தண்ணீர் மேலெழுந்து வருவதுபோல் தெரிகிறது. சாவு பயமாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது என்கிறார். பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க முடிந்தால் போதும் என்ற ஒரே ஆசை. சுமார் ஒரு மாதம் கழித்து ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் மேடை நிகழ்ச்சியில் உட்கார்ந்து அழுகிறார். நல்ல அப்பாவாக இருப்பதுதான் தன் வேலை என்று அங்கேதான் அவருக்குப் புரிகிறது. கவனிக்க வேண்டியது, பாடம் விமானத்திலேயே கிடைத்துவிடவில்லை. விதை அங்கே விழுந்தது, முளைத்தது மகளின் நிகழ்ச்சியில். சம்பவம் ஒரு இடத்திலும் புரிதல் இன்னொரு இடத்திலும் நடக்கும்போது, அந்த மனிதர் மாறியதைக் கேட்பவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் வாழ்க்கையிலும் புரிதல் இப்படித் தாமதமாகத்தான் வருகிறது. அந்தத் தாமதத்தை மறைத்து, சம்பவம் முடிந்த மறுநொடியே ஞானம் பிறந்ததாகப் பேசும்போதுதான் பேச்சு பொய்யாக ஒலிக்கிறது.

சரி, விமானம் விழாதவர்கள் என்ன செய்வது? டேரன் லாக்ராய் பதில் வைத்திருக்கிறார். டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் 2001-ஆம் ஆண்டு உலகப் பேச்சுப் போட்டியில் அவர் பேசியது ஒரு சாண்ட்விச் கடையைப் பற்றி. கடன் வாங்கிக் கடை எடுத்தார், சில மாதத்தில் கடன்தான் பெருகியது. இதைவிடச் சாதாரணமான தோல்வி கிடையாது. ஆனால் அவர் பேச்சின் தொடக்கத்திலேயே மேடையில் குப்புற விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவும் இல்லை. படுத்தபடியே பேச்சைத் தொடர்ந்தார். நேரம் போகப் போகச் சபைக்குச் சங்கடமாகிறது, யாராவது எழுப்பிவிட மாட்டார்களா என்று இருக்கிறது. விழுந்த பிறகு அப்படியே கிடப்பது எப்படியிருக்கும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. அதன்பின் அடுத்த அடி எடுத்துவைப்பதைப் பற்றி அவர் பேசும்போது விளக்கமே தேவைப்படவில்லை. பட்டமும் அவருக்கே.

எலியாஸுக்கு ஒலி, லாக்ராய்க்கு உடல். இருவரும் பாடத்தைச் சொல்வதற்கு முன் சபையை அந்த அனுபவத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். தயாரிக்கும்போது இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எழுதிவைத்ததில் சம்பவத்தை மறைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் படித்துப் பார்ப்பது. எந்தச் சம்பவத்துக்கும் பொருந்துகிற பாடம் என்றால் அது அனுபவத்திலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து ஒட்டியது. 'எதையும் தள்ளிப்போடாதே' இந்தச் சோதனையில் தோற்கும்; மோசமான ஒயின் மட்டும் மிஞ்சிய அலமாரி தேறும். இன்னொரு சோதனை, கேட்ட ஒருவரிடம் மறுநாள் அந்தப் பேச்சைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. அவர் பாடத்தை மட்டும் சொல்லிச் சம்பவத்தில் தடுமாறினால், வெட்ட வேண்டியது முன்னுரையை, கூட்ட வேண்டியது காட்சியை.

மேடைக்கு மேடை அளவுகோலும் மாறும். டெட் ஒரு கருத்தை எதிர்பார்க்கிற மேடை. அதனால் எலியாஸ் 'மூன்று விஷயம் கற்றேன்' என்று எண்ணிச் சொன்னதும், கடைசியில் சபையைப் பார்த்து, உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று சவால் விட்டதும் அங்கே எடுபட்டன. மோத் போட்டியில் குறிப்புச் சீட்டு கூடாது, கதை உண்மையாக, சொந்தமாக இருக்க வேண்டும், மதிப்பெண் போடுகிறவர்கள் பார்வையாளர்களிலிருந்தே பொறுக்கியவர்கள். உபதேசம் அங்கே செல்லுபடியாகாது. இதே பேச்சோடு எலியாஸ் அந்த மேடையில் ஏறியிருந்தால், கடைசிச் சவாலையும் இரண்டாவது பாடத்தையும் கழித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை மகளின் நிகழ்ச்சிக் காட்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்: மகள் அன்று மேடையில் என்ன செய்தாள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய வரவே இல்லை.