டிரிக்கரின் ஐந்நூறு கிராம்

பிஸ்டலின் டிரிக்கரை இழுத்துக் குண்டை விடுவிக்கத் தேவைப்படும் விசையே டிரிக்கர் எடை. கிராம் கணக்கில் சொல்லப்பட்டாலும் அது டிரிக்கரின் கனம் அல்ல, விரல் கொடுக்க வேண்டிய அழுத்தம். சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இது 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 25 மீட்டர் போட்டிகளில் 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. 2016 வரை ஒலிம்பிக்கில் இருந்த 50 மீட்டர் பிஸ்டலுக்கு இப்படி ஒரு வரம்பே இல்லை. அந்தப் பிஸ்டல்கள் சிலவற்றின் டிரிக்கர், விரல் பட்டாலே விடுபடும் அளவுக்கு மெல்லியதாக அமைக்கப்பட்டிருக்கும்.

சோதனை எளிது. பிஸ்டலின் குழல் மேல்நோக்கி நிற்க, டிரிக்கரின் நடுவில் சோதனை எடைக்கல்லை மாட்டி மேசையிலிருந்து தூக்குவார்கள். டிரிக்கர் விடுபடாமல் கல் மேலே வந்தால் பிஸ்டல் தேறியது. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்து இதே சோதனையைச் செய்வதால், விவரமறிந்தவர்கள் 500 கிராமில் நிறுத்துவதில்லை. சில கிராம்கள் கூடுதலாகவே வைத்துக்கொள்வார்கள்.

இந்த 500 கிராமை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. ஏர் பிஸ்டலில் பெரும்பாலோர் கொள்வது இரண்டு கட்ட டிரிக்கர். முதல் கட்டம் டேக்-அப்: விரல் சில மில்லிமீட்டர் பின்னே வந்து ஒரு சுவரில் முட்டுவது போல நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டுவது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்துக்கு 400 கிராம், இரண்டாவதற்கு 100 கிராம் என்று பிரித்து வைத்தால், கை இலக்கில் இறங்கும்போதே பளுவின் பெரும்பகுதியை விரல் ஏற்றுவிடுகிறது. குறி அமைந்த பிறகு விரல் கூட்ட வேண்டியது அந்த மிச்ச 100 கிராம்தான். விதி கேட்பது 500. குண்டு விடுபடும் நேரத்தில் கை உணர்வதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த மரபின் செல்வாக்குக்கு இதுவே காரணம்.

அமெரிக்க புல்ஸ்ஐ போட்டிக்காரர்கள் வேறு வழியில் வந்தவர்கள். டேக்-அப் குறைவாக, விடுபடும் கணம் கண்ணாடிக் குச்சி முறிவது போலத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோட்பாடு. மூன்றாவது மரபு உருளும் டிரிக்கர். அதில் சுவரே இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை டிரிக்கர் ஒரே சீராக நகர்ந்துகொண்டே போய் விடுபடும். சுவரில் முட்டியதும் விரல் உறைந்து நின்றுவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் எந்த இடத்தில் விடுபடும் என்று தெரியாததால், இரண்டு கட்ட டிரிக்கரில் பழகியவருக்குத் தொடக்கத்தில் தடுமாற்றம் இருக்கும்.

எந்த மரபானாலும் டிரிக்கர் அழுத்தம் துல்லியத்தைப் பாதிக்கும் வழி ஒன்றே. பிஸ்டலுக்குக் கையைத் தவிர வேறு தாங்கல் இல்லை. சுமார் 1 கிலோ எடையுள்ள கருவி நீட்டிய ஒற்றைக் கையில் நிற்கையில், அதன் எடையில் பாதியளவு விசையை ஒரு விரல் பின்னோக்கிச் செலுத்துகிறது. அந்த விசை குழலின் திசையில் நேராகப் போனால் தொல்லை இல்லை. 10 பாகை பக்கவாட்டில் சாய்ந்தால், 500 கிராமில் ஏறத்தாழ 87 கிராம் பிஸ்டலைப் பக்கமாகத் தள்ளும். டிரிக்கர் 1000 கிராமானால் அந்தத் தள்ளலும் இரு மடங்காகும். விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி டிரிக்கரின் நடுவில் பதிய வேண்டும், விரலின் மற்ற பகுதி பிடியைத் தொடக் கூடாது என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 340 மில்லிமீட்டர் என்று கொள்வோம். டிரிக்கர் விடுபடும் நேரத்தில் முன்குறி பின்குறியின் பள்ளத்தில் அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 14.7 மில்லிமீட்டர் விலகும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 4.5, ஆகவே கிடைப்பது 9. ஒரு மில்லிமீட்டர் விலகினால் 29 மில்லிமீட்டர் போய் 7 ஆகிவிடும். இதற்கு மாறாக, குறிகள் இரண்டும் சீராக இருக்க, முழுக் கையும் 5 மில்லிமீட்டர் பக்கத்தில் மிதந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும். அது இன்னமும் பத்து. கை ஆடுவதைக் கண்டு அஞ்சி, நடுப்புள்ளி வரும் நேரம் பார்த்து டிரிக்கரைச் சட்டென்று பறிப்பதே புதியவர்களின் முதல் தவறு. ஆட்டத்தால் போவதைவிடப் பல மடங்கு அந்தப் பறிப்பால் போகிறது. ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, குறிகளின் சீரை மட்டும் கண்ணில் வைத்து, அழுத்தத்தை விடாமல் கூட்டிக்கொண்டே போவதுதான் தூய அழுத்தம்.

விடுபட்ட பிறகு டிரிக்கர் பின்னே ஓடும் மிச்சத் தூரமும் கவனிக்கத்தக்கது. தடை திடீரென்று மறைந்ததும் விரல் பாய்ந்து சென்று பிஸ்டலை அசைக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறுமுன் அசைந்தால் அதுவும் பிழையே. இதற்காகவே நல்ல பிஸ்டல்களில் டிரிக்கரை நிறுத்தும் திருகு இருக்கிறது.

ரீசெட் என்பது சுட்ட பிறகு விரலைத் தளர்த்த, டிரிக்கர் முன்னே வந்து உள்ளேயுள்ள கொக்கி மீண்டும் பற்றிக்கொள்ளும் இடம். ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் கையை இறக்கிக் குண்டு போடுவதால் அதற்கு முக்கியத்துவமில்லை. 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் கதை வேறு. அங்கே ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகளை 8, 6, 4 விநாடி என்று குறைந்துகொண்டே வரும் நேரத்தில் சுட வேண்டும். 2005 வரை .22 ஷார்ட் தோட்டாவும் மிக மெல்லிய டிரிக்கரும் இங்கு புழங்கின, பின்னர் .22 லாங் ரைஃபிளும் 1000 கிராமும் கட்டாயமாயின. 4 விநாடித் தொடரில் விரலை முழுவதுமாக முன்னே விட்டால், திரும்பி வரும் வழியில் டிரிக்கரை அடித்துவிடும். போதாத தூரம் விட்டால் கொக்கி பற்றாது. அடுத்த இழுப்பில் குண்டே வெடிக்காது. ரீசெட்டைச் சற்றுக் கடந்து மட்டும் விட்டு, பின்னுதைப்பில் பிஸ்டல் எழும்பும் நேரத்திலேயே டேக்-அப்பை எடுத்துவிடுபவர்கள் அடுத்த இலக்கை அடையும்போது கடைசி அழுத்தத்துக்குத் தயாராக இருப்பார்கள்.

எடையைக் குறைத்தால் போதும் என்று எண்ணுபவர்கள் இன்னோர் எல்லையில் இடறுகிறார்கள். கொக்கி பற்றும் அளவை மிகக் குறைத்தால் பிஸ்டல் கைதவறிச் சுடும். தேய்ந்த கொக்கியானால் ஒரே இழுப்பில் இரண்டு குண்டும் போகலாம். இத்தகைய திருத்தங்களைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியே செய்ய வேண்டும்.

அழுத்தம் தூயதா என்று அறியத் தோட்டாவே வேண்டியதில்லை. பிஸ்டல் காலி என்பதை உறுதி செய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி டிரை ஃபயர் செய்தால், டிரிக்கர் விடுபடும் ஒலியோடு முன்குறி துள்ளுகிறதா என்று கண்ணே காட்டிவிடும். குறிப்பாதையைத் திரையில் வரையும் ஸ்காட் போன்ற கருவியானால் கடைசி கால் விநாடியில் கோடு எப்பக்கம் ஓடியது என்று தெரியும். வலக்கைக்காரரின் குண்டுகள் கீழ் இடப்பக்கம் கூடினால், பெரும்பாலும் விரலோடு முழுக் கையும் இறுகியிருக்கிறது. .22 பிஸ்டலில் பயிற்சியாளர் தோட்டாப் பெட்டியில் வெறும் போலித் தோட்டாக்களை இடையிடையே கலந்து வைப்பார். எது வெடிக்கும் என்று சுடுபவருக்குத் தெரியாது. போலித் தோட்டா வரும்போது குழல் முனை கீழே குத்தினால், பின்னுதைப்பு வருவதற்கு முன்பே கை அதை எதிர்த்துத் தள்ளுகிறது என்று பொருள்.