ஒரே டாலருக்கு இரண்டு விலை

இந்திய வங்கிகள் அன்றாடம் வெளியிடும் அந்நியச் செலாவணிப் பட்டியலில் ஒரே டாலருக்குப் பல விலைகள் இருக்கும். TT BUY, TT SELL ஆகியவை கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பணத்துக்கானவை. CN BUY, CN SELL ஆகியவை கையில் வாங்கும் நோட்டுக்கானவை. சந்தையில் டாலர் 85 ரூபாயாக உள்ள நாளில், கணக்குப் பணத்தை வங்கி 84.55க்கு வாங்கி 85.45க்கு விற்கிறது, நோட்டை 83.50க்கு வாங்கி 86.50க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இடைவெளி 90 காசு, இரண்டாவது 3 ரூபாய்.

இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் உண்டு. மின்வழி வரும் டாலர், வெளிநாட்டு வங்கியில் நம் வங்கி வைத்திருக்கும் நோஸ்ட்ரோ கணக்கில் சேர்கிறது, உடனே விற்கலாம். நோட்டோ பெட்டகத்தில் வட்டியில்லாமல் கிடக்கும். கள்ளநோட்டுச் சோதனை, காப்பீடு, பாதுகாப்போடு கொண்டுபோகும் செலவு என எல்லாம் அதன் மேல் ஏறும். இந்தச் செலவை நோட்டுக் கேட்பவரிடமே வாங்குவது முறைதான். மின்வழி அனுப்புபவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

குறை, செலவைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. பயணம் முடித்தவர் விற்கும் நோட்டையே, மறுநாள் வெளிநாடு கிளம்புபவருக்குக் கிளை விற்கலாம். அப்போது நோட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவே இல்லை. ஆனாலும் இரு பக்கமும் சேர்த்து முழு இடைவெளியும் வசூலாகிறது. 1,000 டாலர் நோட்டு வாங்கிப்போய், 400 டாலரைச் செலவழிக்காமல் திரும்பிய ஒருவரைப் பாருங்கள். விலை மாறாவிட்டாலும், அந்த 400 டாலரைத் திருப்பி விற்கையில் 1,200 ரூபாய் போகும். மின்வழி விலையில் அது 360 ரூபாய்தான். 'கமிஷன் இல்லை' என்று சொல்லப்பட்டாலும் கமிஷன் விலைக்குள்ளேயே இருக்கிறது.

பட்டியல் எதிர்ப்பக்கமும் தவறாக வழிகாட்டக்கூடும். வெளிநாட்டு உறவினரிடமிருந்து 200 டாலர் மின்வழி வருகிறது. இடையிலுள்ள வங்கி 15 டாலர் பிடித்துக்கொள்கிறது. மீதி 185 டாலருக்குக் கிடைப்பது சுமார் 15,642 ரூபாய். அதே 200 டாலரை நோட்டாகக் கொண்டுவந்து மாற்றியிருந்தால் 16,700 ரூபாய். பட்டியலில் நல்ல விலை தெரிந்த வழியே கையில் குறைவாகக் கொடுக்கிறது. நிலையான கட்டணம் சிறு தொகையில்தான் கடிக்கும். தொகை பெரிதானால் விலை வேறுபாடே முடிவு செய்யும். 200ஐ 2,000 ஆக்கினால், அதே 15 டாலர் போன பிறகும் மின்வழியே மேல்.

ஆகவே இரண்டு விலை இருப்பது தவறில்லை. எதற்கு எவ்வளவு என்று சொல்லாமல் இருப்பதே தவறு. சந்தை நடுவிலையையும், அதற்கு மேல் வங்கி எடுக்கும் தொகையையும், கட்டணங்களையும் ஜி.எஸ்.டி.யையும் தனித்தனியாக ரசீதில் காட்ட வேண்டும். அதுவரை வாடிக்கையாளர் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'எல்லாம் போக என் கைக்கு எத்தனை ரூபாய் வரும்?'