சாட்சி சொன்னதும் வக்கீல் சொன்னதும்

தமிழ்நாட்டு அமர்வு நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை கேள்வி-பதிலாகப் பதிவாவது குறைவு. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு, சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர் உரையாக எழுதச் சொன்னது. வேண்டிய இடத்தில் கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுத நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் ஏற்பாடு இதுதான். ஆகவே வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் ஒரே வாக்கியமாகி, “நான்” என்ற குரலில் காகிதத்தில் ஏறுகின்றன. அதை மேலும் சுருக்க உட்காருபவர், ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய பதிவைத்தான் கையில் எடுக்கிறார்.

ஒரு கற்பனை அடிதடி வழக்கு. இரவு நேரம், டீக்கடை வாசல். காயம்பட்டவர் அ.சா.1, அவருடைய அண்ணன் அ.சா.2, புலன் விசாரணை அதிகாரி அ.சா.9. அண்ணனின் குறுக்கு விசாரணையில் இப்படி மூன்று வரிகள்: “சம்பவ இடத்தில் தெருவிளக்கு இல்லை என்றால் சரிதான். எதிரி கையில் அரிவாள் இருந்ததாக நான் போலீசாரிடம் சொல்லவில்லை என்றால் சரியல்ல. நான் சம்பவ இடத்திலேயே இல்லை என்றால் சரியல்ல.” பிறகு அதிகாரியின் குறுக்கு விசாரணையில் ஒரு வரி: “எதிரி கையில் அரிவாள் இருந்ததாக அ.சா.2 என்னிடம் கூறவில்லை.”

அவசரமாக எழுதப்பட்ட சுருக்கம் இதை எப்படிச் சொல்லும்? “அரிவாள் இல்லை என்று அ.சா.9 ஒப்புக்கொண்டார்.” அதிகாரி சம்பவத்தைப் பார்த்தவரே அல்ல. அவருடைய பதில், அண்ணனின் முந்தைய வாக்குமூலத்தில் அரிவாள் பற்றிய பேச்சு இல்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. அண்ணன் நீதிமன்றத்தில் சொன்னது ஒன்று, காவல்துறையிடம் சொல்லாமல் விட்டது ஒன்று. முரண் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சரியாக எழுதினால் வரி சற்று நீளும்: “போலீசாரிடம் அரிவாளைச் சொல்லவில்லை என்பதை அ.சா.2 மறுக்கிறார்; ஆனால் அப்படிச் சொல்லவில்லை என்கிறார் அ.சா.9.” அந்த விடுபடல் அற்பமானதா, வழக்கின் வேரை அசைப்பதா என்று எடைபோடுவது நீதிபதியின் வேலை.

தெருவிளக்கு விஷயம் வேறு வகை. அந்தச் சொற்கள் வக்கீலுடையவை. ஆனால் சாட்சி “சரிதான்” என்றதும் அவை சாட்சியின் சாட்சியமாகிவிட்டன. மூன்றாவது வரி அப்படியல்ல. சாட்சி “சரியல்ல” என்று தள்ளிய சஜஷன் எதையும் நிரூபிக்காது. “அ.சா.2 சம்பவ இடத்தில் இல்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது” என்று எழுதப்படும் வாதக் குறிப்புகள் உண்டு. வெளிப்பட்டது வக்கீலின் கட்சி மட்டுமே.

அதற்காகச் சஜஷன்களைச் சுருக்கத்திலிருந்து துடைத்துவிடவும் முடியாது. எதிரிக்குப் பாதகமாகவே முடியும் சஜஷனை எதிரித் தரப்பு வக்கீல் வைத்தால், அது எதிரியைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று 2023-இல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு நம்பத்தகுந்த சாட்சியம் இல்லாமல் அதை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது என்றும் சேர்த்தது. “நீ முதலில் அடித்ததால்தான் எதிரி திருப்பி அடித்தார்” என்று ஒரு வக்கீல் கேட்டால், சாட்சி அதை மறுத்தாலும், எதிரி அங்கே இருந்தார் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரிக்குச் சொந்தக்காரர் எதிரித் தரப்பு, சாட்சி அல்ல. எதிரிகள் பலர் என்றால், எந்த எதிரியின் வக்கீல் கேட்டார் என்பதும் கூடவே வர வேண்டும்.

வெளிச்சம், ஆயுதம், முன்விரோதம் என்று பொருள்வாரியாகச் சுருக்கும் முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு: முரண்கள் அருகருகே வந்து நிற்கும். நூறு பக்கச் சாட்சியத்தைப் புரட்டும் நீதிபதிக்கு அது பேருதவி. ஆனால் “அ.சா.1 முதல் அ.சா.3 வரை வெளிச்சம் இல்லை என்கிறார்கள்” என்ற வாக்கியம் பிறப்பதும் அங்கேதான். பிரித்துப் பார்த்தால் ஒருவர் “தெருவிளக்கு இல்லை, கடை விளக்கு எரிந்தது” என்றிருப்பார். இன்னொருவர் “ஞாபகமில்லை” என்றிருப்பார். மூன்றாமவர் “தெரியாது” என்றிருப்பார். இல்லை என்பவர் பார்த்துச் சொல்கிறார். மற்ற இருவரும் எதையும் உறுதி செய்யவுமில்லை, மறுக்கவுமில்லை. சாட்சிவாரிச் சுருக்கத்தில் இந்தக் கலப்படம் நேராது. ஆனால் முரண்கள் பக்கங்களுக்குள் புதைந்து கிடக்கும். படிப்பவரே தோண்டி எடுக்க வேண்டும். என் கணிப்பில் சாட்சிவாரி முதலில் வர வேண்டும். பொருள்வாரிப் பட்டியலை அதிலிருந்து, பக்க எண்ணோடு, “சரிதான், சரியல்ல, தெரியாது” என்ற விடைச் சொல்லை மாற்றாமல் எடுக்க வேண்டும். வேலை இரட்டிப்பாகும், சந்தேகமில்லை. வாய்தாவுக்கு முந்தின இரவில் குறிப்பு தயாரிக்கும் இளம் வக்கீலுக்கு இது பிடிக்காது.

இத்தனை செய்தாலும் தீராத குறை ஒன்று மிஞ்சுகிறது. சாட்சி வெறுமனே “ஆமாம்” என்றாரா, தயங்கி ஏதாவது சேர்த்தாரா என்பதைத் தொடர் உரை தானே விழுங்கியிருந்தால், எந்தச் சுருக்கமும் அதை மீட்டுத் தராது. அதைக் காப்பாற்றும் வாய்ப்பு சாட்சி கூண்டில் நிற்கும்போது மட்டுமே உண்டு: அந்த ஒரு கேள்வியையாவது கேள்வி-பதிலாகப் பதியும்படி வக்கீல் அப்போதே நீதிபதியிடம் கேட்க வேண்டும். அப்படிப் பதிந்த இடத்தைச் சுருக்கம் எழுதுபவர் சுருக்காமல் முழுதாக எடுத்தெழுத வேண்டும்.