தீர்ப்பில் யார் ‘அவள்’, யார் ‘அவர்’? இயந்திர மொழிபெயர்ப்பும் தமிழும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியும்வரை உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இத்தகைய வழக்கில் ஒரு பெண்ணின் சொல் எந்தெந்த மொழி வழியாகப் பயணம் செய்கிறது என்று பார்த்தால், இயந்திர மொழிபெயர்ப்பால் எது முடியும், எது முடியாது என்பது நன்றாகத் தெரியும். அவர் பேசுவது மலைத் தமிழ். விசாரணை நீதிமன்றத்தில் அது எழுத்துத் தமிழாகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால், மேல்முறையீட்டில் அது ஆங்கிலமாகிறது. இப்போது இந்தச் சங்கிலியில் நான்காவதாக ஒரு கண்ணியும் சேர்ந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் அது கையாண்ட ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. இயந்திரம் முதல் வரைவைத் தரும்; மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்துவார். ஆங்கிலத்துக்குப் போன சொல் இப்படித் தமிழுக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது என்னவாகியிருக்கிறது என்பதே நம் கேள்வி.

சொல் வரிசை: பெரும்பாலும் கடந்த மலை

முதல் தலைமுறை முயற்சிகள் இலக்கண விதிகளை நம்பின. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் திட்டம் நடந்தது. அடுத்து வந்த புள்ளியியல் முறை, இரு மொழி வாக்கியங்களை இணைவைத்துச் சொற்றொடர்களின் பொருத்தத்தைக் கணக்கிட்டது. 2011இல் தமிழைச் சேர்த்துக்கொண்ட கூகுள் மொழிபெயர்ப்பு அந்த முறையில்தான் தொடங்கியது. அதற்குத் தமிழ் பெரும் சோதனை. ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டி வரும். தமிழில் கடைசியில் வரும். சில சொற்களுக்கு அப்பால் எதையும் நகர்த்தத் தயங்கிய அந்த முறை, வினையை நடுவழியிலேயே விட்டுவிடும்.

2017இல் கூகுள் தமிழுக்கும் நரம்பியல் முறையைக் கொண்டுவந்தது. இந்த முறை வாக்கியம் முழுவதையும் பார்த்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகத் தமிழை உருவாக்குகிறது. சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு 2021இல் ‘சமானந்தர்’ என்ற இணைவாக்கியத் தொகுப்பையும், 2023இல் அட்டவணை மொழிகள் 22க்குமான ‘இண்டிக்டிரான்ஸ்2’ மாதிரியையும் வெளியிட்டது. இன்று சாதாரண நீளமுள்ள வாக்கியத்தில் வினை தன் இடத்தில்தான் நிற்கிறது. இது மெய்யான வெற்றி. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

தீர்ப்பின் வாக்கியம் மட்டும் சாதாரண நீளமுள்ளது அல்ல. இப்படி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஆங்கில வரிசையில் அதன் துண்டுகள்: அதிகாரி – பதிவேட்டில் கையெழுத்திட்டவர் – சொன்னார் – சாட்சியிடம் – சாட்சியின் கணவர் அன்று காலை மாடு மேய்க்க மலைக்குப் போயிருந்தார் – அழைக்கும்வரை அலுவலகத்தைவிட்டுப் போகக்கூடாது என்று. ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘ஹூஸ்’ என்ற கொக்கிகள் ஒவ்வொரு விளக்கத்தையும் அதற்குரியவரோடு மாட்டிவைக்கின்றன. தமிழில் விளக்கம் முழுவதும் பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னால் வர வேண்டும். ‘கையெழுத்திட்ட அதிகாரி’ எளிது. ‘ஹூஸ்’ என்பதற்கு நேரான தனிச்சொல் தமிழில் இல்லை. அதனால் இயந்திரம் ‘மலைக்குப் போயிருந்த கணவரைக் கொண்ட சாட்சி’ என்று முடிச்சுப் போடும். அல்லது எச்சத்தைப் பக்கத்துப் பெயரோடு ஒட்டி, மலைக்குப் போனவர் அதிகாரி என்று ஆக்கிவிடும். இரண்டாவது பிழை ஆபத்தானது. வாக்கியம் சரளமாக இருப்பதால் திருத்துபவரின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் அதை மூன்றாக உடைப்பார்: ‘பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அந்த அதிகாரி. சாட்சியின் கணவர் அன்று காலை மாடு மேய்க்க மலைக்குப் போயிருந்தார். கூப்பிடும்வரை அலுவலகத்தைவிட்டுப் போகக்கூடாது என்று அதிகாரி சாட்சியிடம் சொன்னார்.’ ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் என்ற இணைத்தொகுப்பில் பயின்ற இயந்திரம் இப்படி உடைப்பது அரிது. ஆகவே திருத்துபவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. நீண்ட வாக்கியம் ஒவ்வொன்றிலும் ‘யார் செய்தது, யாருக்குச் செய்தது’ என்று எச்சம் எச்சமாகக் கேட்டு, ஆங்கிலத்தோடு ஒப்பிட வேண்டும்.

மரபுத்தொடர்: அடிக்கடி கேட்டது மட்டும் பிடிபடும்

மரபுத்தொடரில் இயந்திரத்தின் திறமை எண்ணிக்கையைச் சார்ந்தது. ‘கையும் களவுமாகப் பிடிபட்டான்’ என்பது செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருவது. அது வேறு எதையும் குறிப்பதில்லை, வடிவமும் மாறுவதில்லை. ஆகவே சரியாக வந்துவிடும். ‘கை நீட்டினான்’ அப்படியல்ல. சாட்சிக்கூண்டில் அதற்கு அடித்தான் என்று பொருள். அரசு அலுவலகத்தைப் பற்றிய பேச்சில் லஞ்சம் வாங்கினான் என்றாகும். வெறுமனே கையை நீட்டியதாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குத் தமிழ் ஒட்டுகளைச் சேர்த்து உருவத்தை மாற்றிக்கொண்டே போகும்: ‘கைநீட்டிட்டாரு’, ‘கையெல்லாம் நீட்டாதே’, ‘கை நீட்டுற பழக்கம்’. ஒவ்வொன்றும் இயந்திரத்துக்குக் கிட்டத்தட்டப் புதிய வடிவம். எழுத்துத் தமிழைத் தின்று வளர்ந்த மாதிரிக்குச் சித்தேரி மலைப்பேச்சு இன்னும் தூரம். ‘கையை நீட்டினார்’ என்று நேர்ப்பொருளில் ஆங்கிலத்துக்குப் போனால், தாக்கியதற்கான சாட்சியம் ஆங்கிலக் காகிதத்தில் இல்லாமலே போகும்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல்தான். ‘லீவ் கிராண்டட்’ என்ற நீதிமன்றத் தொடருக்கு மேல்முறையீட்டுக்கு அனுமதி தரப்பட்டது என்று பொருள். பொது மொழியில் பயின்ற இயந்திரம் விடுப்பு தரப்பட்டது என்று எடுத்துக்கொள்ளும். இவ்வகைப் பிழைக்குத் தீர்வு கடினமில்லை. சட்டத்தொடர்கள் எண்ணி முடியக்கூடியவை. ஒரு சொல்லடைவு வைத்துக் கட்டுப்படுத்திவிடலாம். மக்கள் பேச்சின் மரபுத்தொடருக்கு அப்படிப் பட்டியல் போட்டு முடியாது.

மரியாதை: வாக்கியத்திலேயே இல்லாத செய்தி

வரிசையிலும் மரபுத்தொடரிலும் தேவையான செய்தி மூலத்தில் இருக்கிறது. இயந்திரம் அதைப் பிடிக்கத் தவறுகிறது. மரியாதையில் நிலைமையே வேறு. ஆங்கிலத்தின் ‘ஷி’ என்ற சொல்லில் ‘அவள்’ என்றோ ‘அவர்’ என்றோ எந்தக் குறிப்பும் இல்லை. இல்லாததை எவ்வளவு பெரிய மாதிரியாலும் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

தமிழில் அந்த ஊகம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ‘அவள்’ என்று தேர்ந்தால் ‘சொன்னாள்’, ‘சொன்னவள்’, ‘அவளுடைய’ என்று வாக்கியம் முழுவதும் அதன் பின்னால் போகும். பல மாதிரிகள் பத்தியை வாக்கியங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக மொழிபெயர்க்கின்றன. அதனால் மூன்றாம் வாக்கியத்தில் ‘அவர்’ ஆக இருந்த சாட்சி நான்காவதில் ‘அவள்’ ஆகிவிடுவார். நீதிபதிக்கும் அதிகாரிக்கும் ‘ஆர்’ விகுதியும், மலைக்கிராமத்துச் சாட்சிக்கு ‘ஆள்’ விகுதியும் விழக்கூடும். பயின்ற நூல்களும் செய்திகளும் அப்படி எழுதியிருப்பதால் இயந்திரமும் அப்படியே எழுதும். இங்கே இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஒரு சமூகத்தின் பழைய வழக்கம்தான் இயந்திரத்தின் வழியாகத் தீர்ப்புக்குள் நுழைகிறது.

தர மதிப்பெண்கள் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. மொழிபெயர்ப்பை அளக்கப் பரவலாகப் பயன்படும் ‘ப்ளூ’ என்ற அளவுகோல், மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு சொற்கள் எத்தனை பொருந்துகின்றன என்று பார்க்கிறது. ‘சொன்னார்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சொன்னாள்’ வந்தாலும் ‘கூறினார்’ வந்தாலும் அதற்கு இழப்பு ஒன்றே. எழுத்துப் பொருத்தத்தை அளக்கும் முறைகளிலோ, ‘கூறினார்’ என்பதைவிட ‘சொன்னாள்’ அதிக மதிப்பெண் வாங்கிவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2016இல் எடின்பரோவைச் சேர்ந்த குழு, ஆங்கில வாக்கியத்தோடு மரியாதைக் குறி ஒன்றைச் சேர்த்து, ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இரண்டு முன்னிலை வடிவங்களில் எது வர வேண்டும் என்று கட்டுப்படுத்திக் காட்டியது. தமிழுக்கு அந்த ஒற்றைக் குறி போதாது. தமிழில் மரியாதை ஒரு பனுவலுக்கு உரியது அல்ல. யார் யாரிடம் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்ற உறவுக்கு உரியது. ஒரே பத்தியில் நீதிபதியின் எடுத்துரைப்பும், அதிகாரி சாட்சியை அதட்டியதும், சாட்சி தன் கணவரைப் பற்றிச் சொன்னதும் வரும். மூன்றுக்கும் மூன்று அளவு.

இங்கேதான் இரண்டு வேலைகளைப் பிரிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எடுத்துரைப்பில் வரும் மரியாதை ஒரு கொள்கை முடிவு. சாட்சி, பாதிக்கப்பட்டவர், குற்றம்சாட்டப்பட்டவர், அதிகாரி என எல்லோருக்கும் ‘அவர்’ என்று நீதிமன்றம் ஒரு வரியில் விதி செய்யலாம். அதற்குப்பின் இயந்திரத்தின் வரைவில் ‘அவன்’, ‘அவள்’, ‘ஆன்’, ‘ஆள்’ விகுதிகளைத் தேடி எடுத்துத் திருத்துவது எளிய வேலை. அவற்றைத் தேடிக்காட்ட ஒரு சிறு நிரலே போதும்.

மேற்கோளுக்குள் வரும் பேச்சு அப்படியல்ல, அது சான்று. மேலே சொன்ன அதிகாரி ‘கூப்பிடுறவரைக்கும் இருங்கம்மா’ என்றாரா, ‘இரு’ என்றாரா, ‘இங்கயே கெடடி’ என்றாரா? ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே வாக்கியம்தான். அதைத் தமிழுக்குத் திருப்பும் இயந்திரம் பெரும்பாலும் பண்பான எழுத்துத் தமிழைத் தரும்; இழிவு துடைக்கப்பட்டுவிடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழங்குடி ஒருவரைப் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது தனிக்குற்றம். எந்த விகுதியில் விளித்தார் என்பது அங்கே அலங்காரம் அல்ல. குற்றத்தின் உடம்பிலேயே ஒரு பகுதி.

ஆகவே மேற்கோள்களை இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது. தமிழில் பதிவான வாக்குமூலம் விசாரணை நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. ஆங்கிலத் தீர்ப்பு அந்தச் சாட்சியின் எண்ணைக் குறிப்பிடுகிறது. திருத்துபவர் அந்த எண்ணைப் பிடித்து மூல வாக்குமூலத்தை எடுத்து, அங்கே பதிவான தமிழையே மேற்கோளில் வைக்க வேண்டும். மூலம் கிடைக்காத இடத்தில், இது ஆங்கிலத்திலிருந்து மறுபடி ஆக்கியது என்று அடிக்குறிப்பு இட வேண்டும். மொழிபெயர்ப்புப் பிரிவுகளுக்கு இன்று தேவைப்படுவது இன்னும் பெரிய மாதிரி மட்டுமல்ல. தீர்ப்போடு வாக்குமூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பும் நடைமுறை.