பதினோரு மாத ஒப்பந்தமும் நொத்தாரிசு உறுதியும்

டீக்கடைக்கு இடம் பார்க்கிறவர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதைத்தான். புகை எந்தப் பக்கம் போகும், பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே விழும், லைசென்ஸ் கிடைக்குமா என்பதெல்லாம் அடுப்பு வந்து இறங்கிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். சென்னையிலும் இதே கதைதான், யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். ஆனால் சிக்கிக்கொண்ட பணத்தை மீட்கும் வழி இரண்டு இடத்திலும் வேறு. கடை வாடகை ஒப்பந்தத்தை இரண்டு நாட்டுச் சட்டங்களும் வெவ்வேறு கண்ணால் பார்க்கின்றன.

தமிழ்நாட்டில் பதினோரு மாத ஒப்பந்தம் பிரசித்தம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க எல்லோரும் பதினோரு மாதத்தில் நிறுத்தி, முடிந்ததும் புதுப்பித்துக்கொள்வார்கள். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், நகர்ப்புறங்களில் காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வழக்கம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அதே சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு சொல்லிவிட்டு, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது.

இலங்கையில் அந்த எல்லைக்கோடு ஒரே மாதத்தில் விழுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. ஐந்து வருடம் என்று வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டவர் மாத வாடகைக்காரராக மட்டுமே நிற்பார். உரிமையாளர்களுக்கும் இதில் பயம் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பல கடைகளின் மாத வாடகைக்காரருக்குப் பலமான பாதுகாப்புக் கொடுத்ததால், காலம் குறித்த உறுதியையே அவர்கள் விரும்பினார்கள்.

இதனால் வருவது என்னவென்றால், சென்னைக் கடைக்காரருக்குக் காலம் குறைவு; நீண்ட கால உறுதி எழுதும் யாழ்ப்பாணக் கடைக்காரர் முன்கூட்டிக் கொடுக்கும் பணம் அதிகம். கணக்காகவே பார்க்கலாம். தாம்பரத்தில் ஒரு கடைக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் கழியாது, காலி செய்யும்போது திரும்ப வரவேண்டியது. வாடகைக்காரர் புகைக்குழாய், ஓடு, தொட்டி என்று 80,000 செலவழிக்கிறார். பதினோராம் மாதம் உரிமையாளர் வாடகையை ஏற்றினாலோ புதுப்பிக்க மறுத்தாலோ, அந்த 80,000 சுவரோடு போய்விடும். ஆகவே அவர் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது வாடகைக் குறைப்பு அல்ல. மூன்று வருடக் காலம், வருடத்துக்கு இத்தனை சதவீத ஏற்றம், இவற்றோடு பதிவுச் செலவைப் பாதிப் பாதி ஏற்பது. இதற்கு ஒத்துக்கொள்ளாத உரிமையாளரிடம் நிலையான புகைக்குழாய் போடுவதே வீண்.

யாழ்ப்பாணத்தில் ஐந்து வருட உறுதி, மாதம் 40,000, இரண்டு வருட முற்பணம் 9,60,000 என்று கொள்வோம். மாதாமாதம் 20,000 முற்பணத்தில் கழியும், மீதி 20,000 கையில் கொடுக்க வேண்டும். பத்தாம் மாதம் கடையை மூட நேர்ந்தால் கழிந்தது 2 லட்சம், உரிமையாளரிடம் நிற்பது 7,60,000. அதைத் திருப்பித் தரும் கடமையும் தவணையும் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நொத்தாரிசு தன்னிடமுள்ள வழமையான வாசகத்தை எழுதிவிடுவார். கேட்காமல் இந்த வரி வராது.

தண்ணீருக்கு வருவோம். டீக்கடைக்கு இது சமையலுக்கும் மேல், சரக்கே இதுதான். சென்னைப் புறநகரில் போர்த் தண்ணீர் உப்பென்றால் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாதச் செலவில் ஏறும். முன்பணம் கொடுக்கும் முன், அந்த இடத்துக் குழாயில் ஒரு குடம் பிடித்துப்போய் டீ போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் நிற்பவை. கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளைப் படலம் ஒட்டும், தேத்தண்ணி மங்கலாகி மேலே ஆடை கட்டும். இதைவிடப் பெரிய சிக்கல் மலக்குழி. வெடிப்பும் துவாரமுமுள்ள அந்தப் பாறையில் கழிவு நிலத்தடி நீரில் எளிதாகக் கலக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள இடைவெளியை, அடுத்த வளவிலுள்ள குழியையும் சேர்த்து, நேரில் அளந்து பார்த்துவிட்டு, நீர்ப் பரிசோதனை அறிக்கையும் எடுத்துக்கொள்வது நல்லது. கழிவுநீர் தெரு வாய்க்காலுக்குப் போகிறதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. முதலில் பார்ப்பது அதைத்தான். சென்னையில் பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் இந்தக் கவலை குறைவு. ஆனால் எண்ணெய் படிந்து அடைத்துக்கொண்டால், மாடிக்கும் கடைக்கும் பொதுவான குழாயை யார் செலவில் திறப்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

புகை விஷயத்தில் டீ மட்டும் போடுகிற கடைக்கும் வடை, பரோட்டா, கொத்து போடுகிற கடைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எண்ணெய்ப் புகைக்கு விசிறி போதாது, குழாய் மேல்கூரையைத் தாண்டி நிற்க வேண்டும். நீண்ட படுக்கைவாட்டுக் குழாயும் வளைவுகளும் எண்ணெயைத் தேக்கும். தேங்கிய எண்ணெய் தீப்பிடிக்கும். ஆகவே திறந்து கழுவ வழி வேண்டும். சென்னையில் பெரும்பாலும் மேலே யாராவது குடியிருப்பார்கள். உரிமையாளர் சரி என்றாலும் மாடிவீட்டுக்காரர் புகார் கொடுத்தால் மாநகராட்சி ஆள் வந்து நிற்பார். அடுப்பு வைக்கப்போகிற மூலையில் சாம்பிராணி போட்டு, விசிறியை ஓடவிட்டு, மாடிப்படியில் நின்று மணக்கிறதா என்று பார்ப்பது காசில்லாத சோதனை. யாழ்ப்பாணத்தில் ஒற்றைத் தளக் கடைகளில் இது சுலபம். ஆனால் கூரையில் துளை போடவும் விடும்போது அடைக்கவும் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளாவிட்டால், முற்பணத்தில் வெட்டு விழும்.

லைசென்ஸ் விஷயத்தில் யாழ்ப்பாண முறை எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ளூராட்சி சபையின் வியாபார உரிமம் பி.எச்.ஐ.யின் பரிசோதனையை ஒட்டி வருகிறது. அவர் எச்-800 படிவத்தில் புள்ளி போடுகிறார். அவரையே கையெழுத்துக்கு முன் இடத்துக்கு அழைத்து, எங்கே கை கழுவும் தொட்டி, எங்கே வடிகால் என்று கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு சின்னக் கடைக்குக் கடினமல்ல. மாட்டிக்கொள்வது உரிமையாளரின் காகிதங்களில்தான். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்குச் சொத்துவரி ரசீதும் தடையில்லாக் கடிதமும் வேண்டும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் வணிகக் கட்டணத்துக்கு மாற்ற அவர் ஒத்துழைக்க வேண்டும். மாற்றாமல் கடை நடத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இரட்டிப்புக் கட்டணம் போடலாம். சபைக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமான கடையை ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கும்போது உரிமம் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், எவ்வளவு நல்ல மூலைக்கடையானாலும் விட்டுவிடலாம்.

எந்த ஊரானாலும் பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் இந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "உரிமம் கிடைத்த நாளிலிருந்து வாடகை தொடங்கும், இடத்தின் குறைபாட்டால் மூன்று மாதத்துக்குள் உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் முப்பது நாளில் திருப்பித் தரப்படும்."