நெறிக்கட்டிக்கு ஊசி மட்டும் போதுமா?

கழுத்தில் நெறி கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் வற்றவில்லை என்றால், தூத்துக்குடியானாலும் திருநெல்வேலியானாலும் டாக்டர் எழுதித் தருவது எஃப்.என்.ஏ.சி. எனும் ஊசிப் பரிசோதனையைத்தான். அதில் ‘கிரானுலோமா’ என்று வந்துவிட்டால் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடலாம், நம் நாட்டில் அது வேறு என்னவாக இருக்கப்போகிறது என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தக் கணிப்பு பலித்தும் விடுகிறது. பலிக்காத சிலருக்கு அது செய்யும் கேட்டைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஊசியின் நன்மையை மறுக்க முடியாது. உப்பளத்தில் நாள்கூலிக்கு உப்பு வாருகிறவர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். மயக்க மருந்தும் தையலும் தழும்பும் இல்லை. புகையிலை போடும் பெரியவரின் கழுத்துக் கட்டியில் வாய்ப்புற்றின் செல்கள் பரவியிருந்தால் ஊசியே காட்டிக்கொடுத்துவிடும். அவரிடம் முதலில் கத்தி வைப்பதுதான் தவறு.

ஊசி எடுத்து வருவது என்ன என்று பார்க்க வேண்டும். 23 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைக்கிறார்கள். இழுவையைத் தளர்த்திவிட்டு ஊசியை வெளியே எடுத்து, வந்த சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து இன்னொரு தகட்டால் தேய்க்கிறார்கள். சில தகடுகளைக் காற்றில் உலர விடுவார்கள், சிலவற்றை ஈரம் காயுமுன் ஆல்கஹாலில் முக்குவார்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிவதெல்லாம் இடம் பெயர்ந்த செல்கள். அவை நெறிக்குள் எந்த வரிசையில், எதற்குப் பக்கத்தில் இருந்தன என்பது தேய்த்தபோதே போய்விட்டது.

கிரானுலோமா என்பது எதிர்ப்புச் செல்கள் திரண்டு கட்டும் கொத்து. காசநோய்க் கிருமியைச் சுற்றி அது உண்டாகும். சார்காய்டோசிஸிலும் உண்டாகும், ஹாட்ஜ்கின் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றிலும் சில சமயம் உண்டாகும். அந்தப் புற்றில் புற்றுச் செல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும், மற்றதெல்லாம் சாதாரண அழற்சிச் செல்கள். ஊசி அந்த ஒன்றிரண்டைத் தவறவிட்டுக் கொத்தை மட்டும் எடுத்து வந்தால், அறிக்கை காசநோய் போலவே இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். காரை எலும்புக்கு மேலே வலியில்லாத கட்டி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு. இத்தனையும் இரண்டு நோய்க்கும் பொது. ஊசியில் கிரானுலோமா தெரிகிறது. காசநோயில் வழக்கமாகத் தெரியும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவு இல்லை, சாயமேற்றிப் பார்த்ததில் கிருமியும் இல்லை. மாத்திரை தொடங்குகிறார்கள். இரண்டாம் மாதம் கட்டி பெரிதாகிறது. ‘மருந்து சாப்பிடும்போது அப்படி வீங்கும்’ என்கிறார்கள். அசல் காசநோயிலும் அது நடப்பதுண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆறு மாதம் கழித்து நெறியை முழுதாக வெட்டியெடுத்துப் பார்க்கும்போதுதான் ஹாட்ஜ்கின் என்று தெரிகிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும் புற்று அது.

அந்த ஆறு மாத சிகிச்சைக்குச் சென்னையில் ஒரு வரலாறு உண்டு. நெறிக் காசநோய் கண்ட குழந்தைகளுக்கு அது போதும் என்று காட்டிய ஆய்வைச் செய்தது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம். 1990இல் அது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளுக்கு நோயை பயாப்சி செய்து உறுதிப்படுத்தியிருந்தார்கள். அந்தச் சிகிச்சையை நாம் எடுத்துக்கொண்டோம், உறுதிப்படுத்தும் வேலையை மட்டும் விட்டுவிட்டோம்.

எல்லாருக்கும் கத்தி வைக்கச் சொல்லவில்லை. கழுத்தின் பக்கவாட்டில் வெட்டும்போது தோளைத் தூக்கும் நரம்பு அறுபடலாம். செய்யவேண்டியது அதைவிடச் சின்ன வேலை. அதே ஊசியில் மிஞ்சிய சீழை ஃபார்மலினில் போட்டுக் கெடுக்காமல், சுத்தமான குப்பியில் சிபிநாட் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். சாயப் பரிசோதனையில் கிருமி தெரிய ஒரு மில்லியில் ஏறத்தாழ பத்தாயிரம் கிருமி வேண்டும். சிபிநாட்டுக்குச் சில நூறே போதும், ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். நெறிக் காசநோயில் ஊசியோடு இந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுமாறு 2016இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் பரிந்துரைத்திருக்கிறது. சாயப் பரிசோதனை, சிபிநாட், கல்ச்சர் மூன்றிலும் கிருமி வராமல், மாத்திரைக்கும் கட்டி வற்றாமல் இருந்தால், ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் நெறியை முழுதாக எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.

கழுத்தில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் மேசையை விட்டு எழுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சிபிநாட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தீர்களா, டாக்டர்?’